ஜோ வந்து போன காலை: நாவல் தேர்வில் பகுதிக் கேள்வி எங்கே சறுக்குகிறது

மதுரை சிம்மக்கல் பக்கம், வீட்டு மாடியில் சாயங்காலம் சில பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுதும் தாளில் நாவல் கேள்வி இப்படி இருக்கும்: நாவலின் ஒரு பகுதியை ஒரு பக்க அளவுக்கு அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள். அதற்குக் கீழே, "இந்தப் பகுதியிலிருந்து தொடங்கி, இவர்கள் இருவருக்கும் உள்ள உறவை நாவலாசிரியர் எப்படிக் காட்டுகிறார் என்று எழுதுக" என்பதுபோல ஒரு கேள்வி. புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. 45 நிமிடம்.

கதை தெரியாமல் யாரும் தோற்பதில்லை. கதை நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்தான் இந்தக் கேள்வியில் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் ஒன்று எனக்குத் தெரியும். தமிழ்த் தேர்வில் "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" எழுதி எழுதிக் கை பழகியிருக்கிறது. இடம், பொருள், விளக்கம் என்று மூன்று தலைப்புப் போட்டு, இடத்துக்குக் கீழே எந்த நூல், யார் பாடியது என்று ஒரு வரி எழுதினால் அங்கே மதிப்பெண் வந்துவிடும். நாவல் பகுதிக்கு அந்த ஒரு வரி போதாது. "இது 27ஆம் அத்தியாயத்தில் வருகிறது" என்று சரியாகவே எழுதினாலும் அதனால் பதிலில் எதுவும் நகராது. கதையின் இந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொன்னால்தான் இடஞ்சுட்டியதாக அர்த்தம்.

ஒரே பகுதியை எடுத்துக்கொண்டு கோளாறு கோளாறாகப் பார்க்கலாம். நாவல், டிக்கன்ஸ் எழுதிய "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்". கிராமத்துக் கொல்லர் ஜோ, லண்டனில் கனவானாக மாறிக்கொண்டிருக்கும் பிப்பைப் பார்க்க வரும் காலை. அறைத்தோழன் ஹெர்பர்ட் வெளியே போனதும் இருவரும் தனியாகிறார்கள். அங்கே தொடங்கி ஜோ விடைபெறுவதுவரை அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்களை நானே தமிழில் சொல்கிறேன். தேர்வில் நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள்.

கோளாறு: படித்துப் பார்த்தும், கதையில் இது எங்கே என்று பிடிபடவில்லை

பெரும்பாலும் இது பதற்றத்தால் வருவது. அத்தியாய எண்ணை நினைவுபடுத்தப் பார்க்கிறார்கள். 59 அத்தியாயம் உள்ள நாவலில் அது யாருக்கும் வராது, வரவும் வேண்டாம். நிலத்துக்கு எல்லைக்கல் பார்ப்பதுபோலப் பாருங்கள். இந்தக் காட்சி எதற்குப் பிறகு, எதற்கு முன்பு? இரண்டு கல் கிடைத்தால் போதும். அந்த இரண்டும் கதாநாயகனுக்குத் தெரிந்ததை மாற்றிப்போட்ட சம்பவங்களாக இருக்க வேண்டும்.

இந்த நாவலில் அப்படி இரண்டு சம்பவங்கள் உண்டு. யாரென்று சொல்லாத ஒருவர் பிப்பைக் கனவானாக்கப் பணம் தருகிறார் என்று வக்கீல் ஜாகர்ஸ் வந்து சொல்வது முதலாவது. பணம் கொடுத்தது தான் நினைத்திருந்த பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாம் இல்லை, சிறுவயதில் தான் சோறு கொடுத்த கைதி மேக்விட்ச்தான் என்று பிப்புக்குத் தெரிவது இரண்டாவது. டிக்கன்ஸே நாவலை மூன்று கட்டமாகப் பிரித்து 19ஆம் அத்தியாயத்திலும் 39ஆம் அத்தியாயத்திலும் கோடு போட்டிருக்கிறார். பிப் ஊரைவிட்டுக் கிளம்புவதோடு முதல் கட்டம் முடிகிறது, மேக்விட்ச் வந்து நிற்கும் இரவோடு இரண்டாவது கட்டம் முடிகிறது.

இப்போது பகுதியைப் பாருங்கள். பிப் லண்டனில் சொந்தமாக அறை வைத்திருக்கிறான், ஜோ அவனை "சார்" என்கிறார். அப்படியானால் பணம் வந்தாயிற்று. பிப் காதலிக்கும் எஸ்டெல்லா ஊர் திரும்பிவிட்டாள், அவனைப் பார்த்தால் மகிழ்வாள் என்று மிஸ் ஹாவிஷாம் சொல்லியனுப்பிய சேதியை ஜோ கொண்டுவருகிறார். அதைக் கேட்டதும் பிப்பின் முகம் சூடேறுகிறது. பணம் தருவது மிஸ் ஹாவிஷாம்தான் என்று அவன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான், ஆகவே மேக்விட்ச் இன்னும் வரவில்லை. இரண்டு கல்லும் கிடைத்துவிட்டன. இடப்பெயர் வந்திருந்தால் அதுவும் கைகொடுக்கும். இந்தக் காட்சி நடப்பது பார்னார்ட்ஸ் இன்னில். மேக்விட்ச் வரும்போது பிப் லண்டனிலேயே டெம்பிள் என்ற பகுதிக்குக் குடிபோயிருப்பான்.

சரியாகப் பிடித்தோமா என்று பார்க்க ஒரு வழி. "இந்த நிமிடத்தில் பிப் எதைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறான்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சட்டென்று வந்தால் பகுதியின் இடம் கிடைத்துவிட்டது.

கோளாறு: முதல் பத்தி முழுவதும் கதைச்சுருக்கமாகிவிடுகிறது

போன ஆண்டு ஒரு பையன் இதே பகுதிக்கு எழுதிய தொடக்கம், கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்: "பிப் ஒரு அனாதை. அவனை அக்காவும் அக்கா கணவர் ஜோவும் வளர்க்கிறார்கள். ஒருநாள் கல்லறையில் ஒரு கைதியைச் சந்திக்கிறான். பிறகு மிஸ் ஹாவிஷாம் வீட்டுக்கு விளையாடப் போகிறான். அங்கே எஸ்டெல்லா அவனை அவமதிக்கிறாள். பிறகு அவனுக்குப் பணம் வருகிறது. லண்டன் போகிறான். இப்போது ஜோ அவனைப் பார்க்க வருகிறார்."

ஒரு பிழைகூட இல்லை. ஆனால் எட்டு நிமிடம் போய்விட்டது, உறவைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. கதையை ஆரம்பத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்து காட்சியின் வாசலில் நிறுத்தினால்தான் திருத்துபவருக்குப் புரியும் என்று அவன் நினைத்திருக்கிறான். திருத்துபவர் நாவலைப் படித்தவர். இந்தக் காட்சிக்கு வேண்டிய முன்கதை எது என்று தேர்ந்தெடுக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்.

இரண்டே வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுமுன் எது மாறியது, இவருக்கு இன்னும் எது தெரியாது என்ற இரண்டும் அதில் வர வேண்டும். அந்தப் பையனை உட்காரவைத்துத் திரும்ப எழுதச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில் இப்படி வந்தது:

"பணம் வந்து கனவானான பிறகு ஜோ முதன்முதலாக பிப்பின் லண்டன் அறைக்குள் வரும் காட்சி இது. மிஸ் ஹாவிஷாம் எஸ்டெல்லாவுக்காகவே தன்னை உயர்த்துகிறார் என்று பிப் நம்பிக்கொண்டிருப்பதால், தான் கிளம்பி வந்த இடத்தை நினைவூட்டும் ஜோவின் ஒவ்வொரு அசைவும் அவனுக்குச் சங்கடமாக இருக்கிறது."

இரண்டாவது வாக்கியத்தில் "இருப்பதால்" என்ற சொல் என்ன செய்கிறது பாருங்கள். கதைச் செய்தி காரணமாக மாறிவிட்டது. சுருக்கத்தில் "பிறகு, பிறகு" என்று வரும், இடஞ்சுட்டலில் "ஆகையால்" வரும். உங்கள் முதல் பத்தியில் எத்தனை "பிறகு" இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றைத் தாண்டினால் அது கதைச்சுருக்கம்தான்.

இன்னொரு சோதனை: அந்த இரண்டு வாக்கியத்தையும் கையால் மறைத்துக்கொண்டு அடுத்த பத்தியைப் படியுங்கள். அடுத்த பத்தி அப்படியே நின்றால், மறைத்த வாக்கியங்கள் வேலை செய்யவில்லை. ஏதோ குறைகிற மாதிரி இருந்தால் சரியாக வந்திருக்கிறது.

கோளாறு: பகுதியை விட்டு வெளியே வரவே முடியவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. இதில் மாட்டுகிற பிள்ளைகள் பகுதியை உண்மையாகவே படித்திருப்பார்கள். சொல் சொல்லாக விளக்குவார்கள், அருமையாக இருக்கும். ஆனால் மூன்று பக்கம் போயும் அச்சடித்த தாளைத் தாண்டிய ஒரு செய்தி இருக்காது.

முதலில் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். "இந்தப் பகுதியில்" என்று மட்டும் கேட்டிருந்தால் நீங்கள் செய்வது ஏறக்குறையச் சரிதான். முழு நாவலுக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். "நாவல் முழுவதிலும்" என்றோ "இந்தப் பகுதியிலிருந்து தொடங்கி" என்றோ இருந்தால் ஏறத்தாழப் பாதி வெளியே போக வேண்டும்.

வெளியே போகச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பகுதியை மூடிவைத்துவிட்டு, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் காட்சிக்குத் தாவுகிறார்கள். மிஸ் ஹாவிஷாமின் உடையில் தீப்பிடிப்பது, ஆற்றில் மேக்விட்ச் பிடிபடுவது. இரண்டுமே பெரிய காட்சிகள், ஆனால் ஜோவுக்கும் பிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. கதவு பகுதிக்குள்ளேயே இருக்கிறது. பகுதியில் உறுத்துகிற ஒரு சொல்லையோ பொருளையோ பிடித்துக்கொண்டு, இது இதற்கு முன்னால் எங்கே வந்தது, பின்னால் எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும். ஒரு நூலிழை, முன்னால் ஒரு முடிச்சு, பின்னால் ஒரு முடிச்சு.

இந்தப் பகுதியில் உறுத்துகிற சொல் "சார்".

வகுப்பில் இதை விளக்கத் திணறிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் மரியாதைக்கு ஒரு "சார்", அதில் என்ன வலி என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அப்போது உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவன் சொன்னான்: "மிஸ், எங்க மாமா ஹாஸ்டலுக்கு வந்தப்ப, என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி என்னைய 'நீங்க'ன்னு கூப்பிட்டாரு மிஸ். தூக்கி வளர்த்தவரு. எனக்கு அழுகையே வந்துருச்சு." அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை. தமிழில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அறிந்தவர்களுக்கு ஜோவின் "சார்" உடனே கேட்கும்.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பகுதிக்குள் முதலில் நடந்து பாருங்கள். தனியானதும் ஜோ "சார்" என்று தொடங்குகிறார். பிப் எரிச்சலோடு குறுக்கிடுகிறான்: என்னை எப்படி சார் என்று கூப்பிடலாம்? ஜோ ஒரே ஒரு கணம், குறைசொல்வதுபோல லேசாக ஒரு பார்வை பார்க்கிறார். கடைசியில் விடைபெறும்போது இருவர் கண்களும் சந்திக்கின்றன. அந்த "சார்" முழுவதும் அவர் நெஞ்சிலிருந்து உருகிப் போயிற்று என்கிறார் டிக்கன்ஸ். அதன்பிறகு வருகிற பேச்சில் "பிப், என் அன்பான பழைய தோழா" என்றுதான் கூப்பிடுகிறார். வாழ்க்கையே பிரிவுகளை ஒன்றோடொன்று பற்றவைத்ததுதான், ஒருவன் இரும்புக்கொல்லன், ஒருவன் பொற்கொல்லன் என்று தன் பட்டறைச் சொற்களிலேயே பேசுகிறார். "சார்" என்று கூப்பிட்டவரை அவருக்குச் சொல் தடுமாறியது. அந்தச் சொல் போனதும் நாவலிலேயே மிக அழகான பேச்சு அவர் வாயிலிருந்து வருகிறது. இதை மட்டும் எழுதினாலே பகுதிக்கு ஒரு நல்ல பத்தி கிடைத்துவிடும்.

இனி முன்னால் ஒரு முடிச்சு. பிப் சிறுவனாக இருந்தபோது, தொழில் பழகும் ஒப்பந்தத்துக்காக ஜோ மிஸ் ஹாவிஷாம் வீட்டுக்கு வருகிறார். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, அங்கேயும் கையில் தொப்பி. மிஸ் ஹாவிஷாம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பிப்பைப் பார்த்தே பதில் சொல்கிறார். எஸ்டெல்லாவின் கண்கள் சிரிக்கின்றன, பிப்புக்கு ஜோவை நினைத்து வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கம் லண்டன் அறையிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றம், பதிலுக்கு மதிப்பைத் தருவது அந்த மாற்றம்தான். அன்று பெரிய வீட்டில் மிரண்டுபோய் ஜோ பற்றிக்கொண்டது பிப்பை. இன்று மிரட்டுகிற பெரிய வீடு பிப்பின் அறையேதான். பற்றிக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் தொப்பியை முட்டையுள்ள குருவிக்கூடுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொப்பி வரும் இடம் அச்சடித்த பகுதிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதையும் தாராளமாகச் சொல்லலாம்.

பின்னால் ஒரு முடிச்சு 57ஆம் அத்தியாயத்தில். பிப் எல்லாவற்றையும் இழந்து, கடனுக்குக் கைதாகும் நிலையில், காய்ச்சலில் விழுகிறான். கண் திறந்தால் பக்கத்தில் ஜோ. அந்த நாட்களில் "சார்" இல்லை, பழைய பிப், பழைய தோழன்தான். ஆனால் பிப் தேறத் தேற ஜோவின் இயல்பான பேச்சு குறைகிறது. ஒருநாள் "ஏறக்குறைய தேறிவிட்டாய்" என்கிறவர் வாயில் அந்தச் சொல் திரும்ப ஒட்டிக்கொள்கிறது: சார். மறுநாள் காலை அவர் போய்விட்டிருக்கிறார், ஒரு சீட்டை மட்டும் வைத்துவிட்டு. பிப்பைக் கைதுசெய்யவந்த கடனை அவர் கட்டிவிட்ட ரசீதும் கூட இருக்கிறது.

ஒரே சொல், இரண்டு இடம். லண்டன் அறையில் உருகிப் போன "சார்" பிப் நோயிலிருந்து தேறும்போது திரும்ப வருகிறது. இரண்டு இடத்திலும் முடிவில் ஜோ தானாகவே விலகிப் போகிறார். ஆனால் முதல்முறை இது தன் தவறு என்று புரிந்துகொள்ளும் புத்தியும் மனமும் பிப்புக்கு இல்லை. இரண்டாவது முறை அவர் சுருங்கிப் போவதற்குக் காரணம் தன்னிடம்தான் இருக்கிறது என்று தேறிவரும் நாட்களிலேயே தெரிந்துகொள்கிறான். உறவு எப்படி மாறியது என்று கேட்டால், ஜோ கொஞ்சமும் மாறவில்லை, அந்தச் சொல் ஏன் வருகிறது என்று பிப்புக்குத்தான் கடைசியில் விளங்குகிறது என்று இந்த நூலிழையைக் காட்டியே எழுதிவிடலாம்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போதும். ஐந்து இடம் தெரிந்தாலும் ஐந்தையும் தொட்டுவிட்டு ஓட வேண்டாம். ஒவ்வொன்றையும் "அங்கே அப்படி, இங்கே இப்படி, வித்தியாசம் இது" என்று மூன்று வாக்கியத்துக்கு நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் சொல்ல வரவில்லையென்றால் அந்த முடிச்சை விட்டுவிடுங்கள்.

கோளாறு: வெளியே போனதும் பகுதி மறந்துபோகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். முதல் பத்தியில் பகுதி, மீதி முழுவதும் நாவல். பகுதியை ஆரம்பத்திலேயே "முடித்துவிட்டு" போவதால் வருகிறது. நூலைப் பிடித்துப் போயிருந்தால் இது வராது, ஏனென்றால் வித்தியாசம் சொல்லும் வாக்கியம் தானாகவே பகுதிக்குத் திரும்பும். விடைத்தாளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் அச்சடித்த தாளிலிருந்து ஒரு சொல்கூட இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியத்தைச் சேருங்கள்.

கோளாறு: கதைமாந்தருக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிவிடுகிறோம்

இது கொஞ்சம் நுட்பமானது, இதில் மாட்டாதவர்கள் அரிது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "ஒரு குற்றவாளியின் பணத்தில் வாழ்ந்துகொண்டே பிப் நேர்மையான ஜோவைக் கண்டு வெட்கப்படுகிறான், இது அவனுடைய நயவஞ்சகத்தைக் காட்டுகிறது." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலையில் பிப்புக்கு மேக்விட்ச் பணம் என்றே தெரியாது. தெரியாததை வைத்து ஒருவரை நயவஞ்சகர் என்று சொல்ல முடியாது.

அவள் கண்டுபிடித்தது வீணில்லை, வைத்த இடம்தான் தப்பு. "பிப்புக்கு அப்போது தெரியாது, ஆனால் நாவலைத் திரும்பப் படிக்கும் வாசகருக்குத் தெரியும்: அவன் வெட்கப்படும் கொல்லரின் கை அவன் அறையில் இருக்கும் எல்லாப் பணத்தையும்விடச் சுத்தமானது" என்று மாற்றினால் அதே கருத்து பதிலின் மிகச் சிறந்த வாக்கியமாகிவிடுகிறது. யாருக்குத் தெரியும் என்று பிரித்துச் சொன்னதால் வந்த மாற்றம் இது.

இந்த நாவலில் மூன்றாவதாக ஒருவரும் உண்டு: கதை சொல்லும் பிப். எல்லாம் நடந்து முடிந்து, வயதான பிறகு, தானே எழுதுகிறவர். பகுதிக்குள் இரண்டு பிப்பும் மாறி மாறிப் பேசுகிறார்கள். எரிச்சலோடு குறுக்கிடுவது இளைய பிப். ஜோ இயல்பாக இல்லாததற்குக் காரணம் நான்தான், நான் அவரிடம் இயல்பாக இருந்திருந்தால் அவரும் இருந்திருப்பார், அதைப் புரிந்துகொள்ளும் புத்தி எனக்கு இல்லை என்று சொல்வது மூத்தவர். கழுத்துப்பட்டை கோமாளித்தனமாக இருந்தாலும் அந்தப் பார்வையில் ஒரு கண்ணியம் இருந்ததை உணர்ந்தேன் என்கிற வரியில் இருவரும் இருக்கிறார்கள். கழுத்துப்பட்டையைப் பார்த்துக் கூசுவது இளையவரின் கண், கண்ணியத்துக்குச் சொல் கண்டுபிடிப்பது மூத்தவரின் வாய் என்று நான் படிக்கிறேன்.

ஆகவே பென்சிலால் ஒரு வேலை செய்யுங்கள். பகுதியில் தன்னையே குறைசொல்லும் வரிகளின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு போட்டவையெல்லாம் மூத்த பிப், அவருக்கு முடிவு தெரியும். மீதி இளைய பிப், அவனுக்குத் தெரியாது. அந்தக் கோடுகள் பகுதியையும் முழுக் கதையையும் ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கின்றன. முழு நாவலும் முடிந்த இடத்திலிருந்து ஒருவர் இந்தக் காலையைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதற்கு அந்த வரிகளே சாட்சி. "நான்" என்று ஒருவர் தன் கடந்தகாலத்தைச் சொல்லும் எந்த நாவலுக்கும் இந்தக் கோடு உதவும். ஆசிரியரே வெளியில் நின்று சொல்லும் நாவலில் உதவாது. அங்கே எந்த மாந்தருக்கு என்ன தெரியும் என்று பெயர் பெயராக எழுதிப் பார்க்க வேண்டும்.

கோளாறு: நேரம் போதவில்லை

45 நிமிடத்தில் நான் பழக்குவது: எட்டு நிமிடம் படித்துக் கோடுபோட, 32 நிமிடம் எழுத, ஐந்து நிமிடம் திரும்பப் பார்க்க. எட்டு நிமிடத்தைக் குறைக்கிறவர்கள்தான் நடுவில் நூலிழை தேடித் தவிக்கிறார்கள். முதல் வாசிப்பில் எல்லைக்கல், இரண்டாவது வாசிப்பில் உறுத்துகிற சொல், பென்சில் கோடு. அவ்வளவுதான்.

கோளாறு: கடைசிப் பத்தியில் சொன்னதையே திரும்பச் சொல்கிறோம்

எழுத ஒன்றும் இல்லாததால்தான் அப்படி வருகிறது. பகுதி எந்த வரியில் நிற்கிறதோ அதற்கு அடுத்து நாவலில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே எழுத விஷயம் இருக்கும்.

இந்தப் பகுதி, ஜோ பிப்பின் நெற்றியை மெல்லத் தொட்டுவிட்டு வெளியே போவதோடு நிற்கிறது. பிப் சுதாரித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிப் பார்க்கிறான், ஜோ இல்லை. அடுத்த அத்தியாயம் தொடங்குவதே, நாளைக்கு ஊருக்குப் போக வேண்டும், போனால் ஜோ வீட்டில்தான் தங்க வேண்டும் என்ற முடிவோடு. வண்டியில் இடம் பிடித்துவிட்டு வருவதற்குள்ளேயே அந்த முடிவு ஆட்டம் கண்டுவிடுகிறது. ஜோவுக்குத் தொந்தரவு, படுக்கை தயாராக இருக்காது என்று சாக்குகளைத் தானே உண்டாக்கிக்கொண்டு, புளூ போர் விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறான்.